தீவனம் எடையாக மாறுகிறதா? பன்றி வளர்ப்பில் ஒரு கணக்கு

கேள்வி: நாலு வெண்பன்றி வளர்க்கிறேன், தராசு இல்லை. போடும் தீவனம் எடையாக மாறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பன்றி ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் தின்றது என்பதே தீவன மாற்று விகிதம். எண் குறைந்தால் லாபம்.

தராசுக்குப் பதில் தையல் டேப் போதும். காலையில் தீவனம் வைக்கும் முன், முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், காதுகளின் நடுவிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 தோராய எடையைக் கிலோவில் தரும். இரண்டும் 0.80 என்றால் 35.5 கிலோ. முப்பது நாள் கழித்து இரண்டும் 0.90 என்றால் 50.5 கிலோ. கூடியது 15, அதற்குள் தின்றது 51 கிலோ என்றால் விகிதம் 3.4. சுற்றளவில் 2 செ.மீ. பிசகினாலே 2 கிலோ மாறிவிடும். அதனால் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். வாராவாரம் அளந்து குழம்ப வேண்டாம்.

வளர வளர இந்த எண் ஏறத்தான் செய்யும். சிக்னலில் நிற்கும் வண்டியும் பெட்ரோல் குடிப்பதுபோல, உடம்பைக் காப்பாற்றவே தினமும் தீவனம் செலவாகிறது. பெரிய உடம்புக்கு அது அதிகம். போதாததற்கு, சதையைவிடக் கொழுப்பு சேரத்தான் தீவனம் அதிகம் பிடிக்கும். திடீரென ஏறினால் முதலில் தொட்டியடியில் சிந்திக் கிடப்பதைப் பாருங்கள், அப்புறம் குடற்புழு.

ஹோட்டல் கழிவு போடுபவர்கள் வாளி எடையை அப்படியே தீவனமாக எழுதுகிறார்கள்; அதில் பெரும்பகுதி தண்ணீர், உலர் எடையைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.