ஆறு கிலோ வீக்கத்தின் உப்புக் கணக்கு

கேள்வி: நான் நர்சிங் முதலாம் ஆண்டு. இதயம், கல்லீரல், சிறுநீரகம் எது கெட்டாலும் உடம்பு வீங்குகிறது. இதய நோயில் அழுத்தம் கூடுகிறது, மற்ற இரண்டிலும் ரத்தப் புரதமான ஆல்புமின் குறைகிறது என்று எழுதிவைத்திருக்கிறேன். அப்படியானால் ஆல்புமின் ஏற்றினாலே வீக்கம் வடிந்துவிட வேண்டுமே? வார்டில் பார்க்கும்போது எந்த உறுப்பு என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நீங்கள் எழுதிவைத்திருப்பது பாதிக் கதை. மீதிப் பாதிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

62 கிலோ இருந்த ஒருவர் நான்கு வாரத்தில் 68 கிலோ ஆகி, இரண்டு காலும் முழங்கால்வரை வீங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசியில்லாமல் பாதிச் சோறு சாப்பிடுகிறவருக்கு ஒரு மாதத்தில் 6 கிலோ சதை போடாது. ஏறியது நீர்; 6 கிலோ என்றால் 6 லிட்டர். ஆனால் இந்த அளவு உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டருக்குள்தான் இருக்கும். ரத்தக்குழாயிலிருந்து கசிந்ததுதான் வீக்கம் என்றால், உள்ளே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு எப்படிக் கசிந்தது? கசியக் கசிய யாரோ குழாயை நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பியது சிறுநீரகம். அது பிடித்துவைத்தது வெறும் தண்ணீரை அல்ல, உப்பை.

செல்களுக்கு வெளியே இருக்கும் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு உண்டு. வார்டில் தொங்கும் நார்மல் சலைனும் அதே கணக்குதான். 6 லிட்டருக்கு 54 கிராம். 28 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 2 கிராம்கூட இல்லை. நாளுக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டு, சிறுநீரில் 8 கிராம் மட்டும் வெளியே போனால் இந்த வீக்கம் வந்துவிடும். அரை டீஸ்பூனுக்கும் குறைவான பாக்கி அது. தங்கிய உப்பு ரத்தத்தை அடர்த்தியாக்கும்; தாகம் எடுக்கும்; குடித்த நீரும் கூடவே தங்கிவிடும். வீங்கியவருக்கு முதலில் உப்பைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, சிறுநீரகம் ஏன் பிடித்துவைக்கிறது? உடம்பில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தமனிகள் எவ்வளவு விம்மி நிறைந்திருக்கின்றன என்பதைக் கழுத்துத் தமனியிலும் சிறுநீரகத்தின் சிறு தமனியிலும் உள்ள உணர்விகள்தான் அளக்கின்றன. அங்கே தளர்ச்சி தெரிந்தால் ரத்தம் சிந்திவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற சங்கிலி ஓட ஆரம்பிக்கும், உப்பு மிச்சமாகும். அடிபட்டு ரத்தம் போனவரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. நோயில் அதுவே தவறான செய்திக்குக் கீழ்ப்படிகிறது.

இதயம் பலவீனமானால் தமனிக்குள் போதுமான ரத்தம் தள்ளப்படுவதில்லை. செய்தி போகிறது, உப்பு தங்குகிறது. சேர்ந்த நீரையும் இதயத்தால் முன்னே தள்ள முடியாததால் அது சிரைப் பக்கம் தேங்கி, அங்கிருந்து நுண்குழாய்களில் அழுத்தத்தை ஏற்றுகிறது. அழுத்தம் வெளியே தள்ளும். புரதம் உள்ளே இழுக்கும். மிஞ்சிய கசிவை நிணநீர்க் குழாய் எடுத்துக்கொண்டு போகும். தள்ளுவது கூடி, நிணநீரும் சமாளிக்க முடியாமல் போகிற இடத்தில் வீக்கம் தெரியும். நின்றுகொண்டிருப்பவருக்கு அந்த இடம் கணுக்கால். அதனால்தான் மாலையில் செருப்பு இறுக்குகிறது, காலையில் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

கல்லீரல் சுருங்கித் தழும்பேறும் சிரோசிஸில் பாதை வேறு. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை கல்லீரலுக்குள் நுழைய முடியாமல் திணறுகிறது. கூடவே குடல் பகுதித் தமனிகள் விரிந்துகொள்கின்றன. ரத்தம் அங்கேயே குளம்போல் நிற்க, மற்றத் தமனிகளில் தளர்ச்சி. மறுபடி அதே செய்தி. அழுத்தம் கூடியிருப்பது வயிற்றுக்குள் என்பதால் வயிற்றில்தான் முதலில் நீர் கோக்கும், கால் வீக்கம் பெரும்பாலும் பின்னால் வரும். கல்லீரல் ஆல்புமினைக் குறைவாகச் செய்வது இதற்குத் துணை போகிறது.

சிறுநீரக நோயில் நெஃப்ராடிக் நிலையை எடுத்துக்கொள்வோம். வடிகட்டி ஓட்டையாகி நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போகிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் இருக்க வேண்டிய ஆல்புமின் 2 கிராமுக்கும் கீழே இறங்கலாம். இழுக்கும் சக்தி குறைந்து நீர் கசிகிறது என்பது உண்மை. ஆனால் பல நோயாளிகளில் தமனி தளர்ந்திருப்பதே இல்லை. கெட்டுப்போன சிறுநீரகமே யார் சொல்லையும் எதிர்பார்க்காமல் உப்பைப் பிடித்துவைக்கிறது.

உங்கள் ஆல்புமின் கேள்விக்கு விடை இங்கேதான். பிறவியிலேயே ஆல்புமின் ஏறக்குறைய இல்லாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு வீக்கம் இருந்தால்கூட லேசாகத்தான் இருக்கும். ஆல்புமின் மெல்லக் குறையும்போது திசுவுக்குள் உள்ள புரதமும் சேர்ந்து குறைவதால், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைக்கிற அளவு மாறுவதில்லை. அவர்களுடைய சிறுநீரகமும் உப்பைத் தாராளமாக வெளியேற்றுகிறது. நெஃப்ராடிக் நோயாளிக்கு ஆல்புமின் ஏற்றினாலோ, அதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீர் வழியே போய்விடும். உப்பை வெளியேற்றும் மாத்திரையும் உப்புக் குறைப்பும்தான் வீக்கத்தை வடிக்கும்.

இனி வார்டுக்கு வருவோம். முன்கால் எலும்பின் மேல், கணுக்காலுக்குச் சற்று மேலே, கட்டை விரலால் குறைந்தது 5 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். குழி நிற்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள். கெண்டைச் சதையில் அழுத்தினால் ஏமாந்துபோவீர்கள். படுத்தே கிடப்பவருக்குக் கால் சுத்தமாக இருக்கும், நீர் முழுக்க இடுப்புக்குப் பின்னால் இருக்கும். திருப்பிப் பார்க்காமல் ‘வீக்கம் இல்லை’ என்று சார்ட்டில் எழுதுவது அடிக்கடி நடக்கிற தவறு.

குழி மூன்றிலும் ஒரே மாதிரிதான் விழும். பிரித்துக் காட்டுவது கழுத்து. நோயாளியை 45 டிகிரி சாய்வில் படுக்கவைத்துக் கழுத்துச் சிரையின் துடிப்பு எதுவரை தெரிகிறது என்று பாருங்கள். மார்பெலும்பின் மேட்டிலிருந்து செங்குத்தாக 3 செ.மீ.க்கு மேல் தெரிந்தால் சிரை அழுத்தம் கூடியிருக்கிறது, இதயத்தைச் சந்தேகியுங்கள். சிரோசிஸிலும் நெஃப்ராடிக்கிலும் பெரும்பாலும் அது உயர்ந்திருக்காது. சிறுநீர் அளவு குறைந்து, உடம்பு நீர் நிறைந்து நிற்கும் சிறுநீரகச் செயலிழப்பில் மட்டும் இதுவும் உயர்ந்து குழப்பும். அடுத்தது சிறுநீர் டிப்ஸ்டிக்: புரதம் 3+ அல்லது 4+ என்றால் சிறுநீரகம். நெஃப்ராடிக் நோயாளிக்குக் காலையில் கண்ணிமை வீங்குவதற்குக் காரணம், தட்டையாகப் படுத்துத் தூங்க முடிவதும் இமைத் தோல் தொளதொளப்பாக இருப்பதும். இதய நோயாளி மூச்சு முட்டித் தலையணையை உயர்த்திப் படுப்பதால் அவருக்கு முகம் அதிகம் வீங்காது.

ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். ரத்தக்கட்டி, தோலடிக் கிருமித்தொற்று, யானைக்கால் என்று தேட வேண்டும். ரத்தக்கட்டி என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டு காலும் வீங்கி, எடை ஏறாமல், மற்றதெல்லாம் சரியாக இருந்தால் மாத்திரைச் சீட்டில் அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது சிறு தமனிகளை விரித்து நுண்குழாய் அழுத்தத்தை ஏற்றுகிறது. உப்புத் தங்கியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை கொடுத்தாலும் வடியாது.

வடிகிறதா என்று அறிய டேப்பைவிட எடைக் கருவி நல்லது: தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், அதே கருவியில். சிரோசிஸ் நோயாளிக்கு வேகமும் முக்கியம். வயிற்றில் மட்டும் நீர் இருந்தால் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது, காலும் வீங்கியிருந்தால் 1 கிலோவரை பரவாயில்லை. வயிற்று நீர் ரத்தத்துக்குத் திரும்பும் வேகம் அவ்வளவுதான். அதைத் தாண்டி இழுத்தால் நீர் போவது ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தமனியிலிருந்து, அப்போது வீக்கம் குறையும்போதே, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏற ஆரம்பிக்கும்.