ஓடும் நேரத்தை மட்டும் பதியாதீர்கள்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் ஒரே ஒரு எச்பிஎல்சி. மூன்று ஷிஃப்டும் நேரம் எழுதி வைத்துத்தான் எடுக்கிறோம். அப்படியும் அடுத்தவர் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். இரவில் சில நாள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பெயர் விழுந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பதிவேட்டில் கடைசியாக எழுதிய பத்துப் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பிள் ஓடும் நேரம் மட்டும்தான் இருக்கும். 18 சாம்பிள், ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்றால் நாலரை மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் கருவி அதற்கு முன்பும் பின்பும் அவர் கையில்தான் இருக்கிறது.

150 மிமீ நீளம், 4.6 மிமீ விட்டமுள்ள பிரிப்புக் குழாயில் சுமார் 1.5 மிலி கரைப்பான் நிற்கும். அதைப் போல 20 மடங்கு கரைப்பான் ஓடினால்தான் பேஸ்லைன் நிலைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1 மிலி வேகத்தில் அதற்கே 30 நிமிடம். அப்புறம் பிளாங்க், ஸ்டாண்டர்டு என்று ஆறு இன்ஜெக்‌ஷன், இன்னொரு ஒன்றரை மணி நேரம். கடைசியில் பஃபரைக் கழுவ 45 நிமிடம். இதை யாரும் சுருக்கக் கூடாது. பஃபர் இருக்கும்போதே மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ அதிகமாக ஓடினால் உப்பு உள்ளேயே படிந்து அழுத்தம் ஏறும். அதனால் முதலில் தண்ணீர் அதிகமுள்ள கரைப்பான், பிறகுதான் மெத்தனால். சாம்பிள் ஓடும் நாலரை மணி நேரத்தையும் சேர்த்தால் ஆக மொத்தம் 7 மணி 15 நிமிடம். இரவு 8:30-க்கு ஆரம்பித்தால் அதிகாலை 3:45 வரை அந்தப் பதிவு நிற்க வேண்டும். ஷிஃப்ட் மாறினாலும் பதிவு மாறாது. கழுவுவதையும் சீக்வென்ஸிலேயே சேர்த்துவிட்டால் ஆள் போன பிறகும் கருவி அதை முடிக்கும்.

இரவில் பெயர் மோதுவதற்குக் காரணம் நள்ளிரவு. தேதி ஒரு கட்டத்திலும் மணி இன்னொன்றிலும் இருந்தால், 3:45 என்பது 8:30-க்கு முந்தியது போலத் தெரியும். தொடக்கம், முடிவு இரண்டையும் தேதியோடு சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதுங்கள். எக்செல் தாளில் A-யில் கருவி, B-யில் தொடக்கம், C-யில் முடிவு என்றால், D2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT((A$2:A$500=A2)*(B$2:B$500<C2)*(C$2:C$500>B2))>1
```

TRUE என்று வந்தால் மோதல். ஒருவருடைய பதிவு 3:45-க்கு முடிந்து அடுத்தவருடையது 3:45-க்குத் தொடங்கினால் மோதலாகக் காட்டாது; அதனால்தான் <= போடாமல் வெறும் < போட்டிருக்கிறேன்.

சரி, ஸ்டாண்டர்டே ஒத்து வராமல் போனால்? மறுபடி ஓட்டுகிறேன் என்று அப்படியே நீட்டிக்க விடாதீர்கள். அங்கேயே நிறுத்திக் கழுவிவிட்டு, அடுத்துப் பதிந்தவருக்கு உடனே சொல்ல வேண்டும். மறு ஓட்டத்துக்குக் காலியாக உள்ள நேரத்தில் புதுப் பதிவு போடட்டும்.