முகத்துக்குள் ஒரு காடு: போர்ட்ஃபோலியோவில் வைக்கும் இரட்டை எக்ஸ்போஷர் படம் பற்றி ஒரு மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

வடிவமைப்புப் படிப்பின் சேர்க்கைக்காக நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு படங்களையும் பார்த்தேன். அவற்றில் ஆறு, ஒரு முகப்படத்தோடு ஒரு நிலக்காட்சியைக் கலந்த இரட்டை எக்ஸ்போஷர் படங்கள். உங்கள் அம்மா தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: "முகத்தின் மேல் மரத்தை ஒட்டுவதற்கு இவள் இரவெல்லாம் விழித்திருக்கிறாள், இது ஒரு திறமையா?" அவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஆறில் ஐந்தை எடுத்துவிடுங்கள். பக்கவாட்டு முகமும் பனிமூட்டப் பைன் காடும் உள்ள அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதை முதலிலிருந்து மீண்டும் செய்யுங்கள்.

நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். முகப்படம் கீழ் லேயரிலும் காடு மேல் லேயரிலும் இருக்கின்றன. காட்டின் ஒபாசிட்டியை 50 சதவீதமாகக் குறைத்திருக்கிறீர்கள். தலைக்கு வெளியே வழிந்த மரங்களை அழிப்பானால் அழித்திருக்கிறீர்கள். தேர்வுக் குழுக்களில் நான் அமர்ந்த நாட்களில் இப்படிப்பட்ட படம் வந்தால் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தக் காட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திக் காட்டுங்கள்." அழிப்பானால் அழித்தவருக்கு அங்கே கை நின்றுவிடும், அழித்த மரம் திரும்பி வராது. நூல் அட்டையோ சுவரொட்டியோ செய்யும் வேலையிலும் தினமும் வரும் கோரிக்கை இதே வகைதான். அதனால் படத்தை அழிக்காமல் மறைத்துவைக்க உதவும் மாஸ்க்கைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னே கான்ட்ராஸ்ட் வருகிறது, உங்கள் படம் சோர்ந்து தெரிவதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு புள்ளியின் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளக்கலாம். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. உங்கள் படத்தில் தலைமுடி சுமார் 25, கன்னம் 160, பின்னால் உள்ள சுவர் 225. காட்டுப் படத்தில் மரம் 40, வானம் 240. மரத்துக்கும் வானத்துக்கும் இடையே 200 அளவு வித்தியாசம் இருக்கிறது. ஒபாசிட்டியைப் பாதியாக்கினால் மென்பொருள் இரண்டு படங்களின் சராசரியை எடுக்கிறது. அப்போது அந்த 200 முடியிலும் 100 ஆகிறது, கன்னத்திலும் 100, சுவரிலும் 100. எல்லா இடத்திலும் ஒரே அளவு காடு தெரிகிறது. முகப்படத்தின் கான்ட்ராஸ்டும் இதேபோல் பாதியாகிவிடுகிறது. உங்கள் படத்தில் நீங்கள் பார்க்கும் அந்தச் சாம்பல் பூச்சு இதுதான்.

பழைய ஃபிலிம் கேமராவில் நடந்தது வேறு. ஒரே ஃபிரேமில் இரண்டு முறை வெளிச்சம் விழும், வெளிச்சம் வெளிச்சத்தோடு கூடும். முதல் படத்தில் கறுப்பாக இருந்த இடத்தில் ஃபிலிம் இன்னும் வெறுமையாக இருப்பதால் இரண்டாவது படம் அங்கே தெளிவாகப் பதியும். வெள்ளையாக எரிந்துவிட்ட இடத்தில் பதிய எதுவும் மிஞ்சாது. மென்பொருளில் இதற்கு நெருக்கமாக இருப்பது லேயர் கலப்பு முறைகளில் ஸ்கிரீன் என்பது. இரண்டு ஸ்லைடுகளை ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியில் முகப்படத்தின் வெளிச்சம் A, காட்டின் வெளிச்சம் B என்றால், அதன் கணக்கு இவ்வளவுதான்:

```
255 − (255 − A) × (255 − B) ÷ 255
```

ஒபாசிட்டியை 100க்குத் திருப்பி, காட்டு லேயரை ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். மரத்துக்கும் வானத்துக்கும் இடையிலான அந்த 200 இப்போது முடியில் 180 ஆகத் தெரியும், கன்னத்தில் 75 ஆக மட்டுமே தெரியும். சுவர் 255 ஆக இருந்தால் அங்கே ஒன்றுமே தெரியாது. இருட்டான இடத்தில் காடு அடர்ந்து, முகத்தில் மெலிந்து, வெளியே மறைகிறது. நீங்கள் அழிப்பானால் மணிக்கணக்கில் செய்த வேலையின் பெரும்பகுதியை முகப்படத்தின் இருளும் வெளிச்சமுமே செய்துகொடுக்கின்றன. இனி முகப்படம் எடுக்கும்போதே வெளிறிய பின்னணி, கருமையான உடை, ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நீங்கள் அணிவித்திருந்த சாம்பல் சட்டையில் காடு அரைகுறையாகத்தான் விழுகிறது. அதைக் கர்வ்ஸ் கொண்டு கருமையாக்கலாம், ஆனால் கறுப்புச் சட்டையில் மறுபடி எடுப்பது நல்லது.

ஸ்கிரீனுக்கு மாற்றியதும் இரண்டு கோளாறுகள் தென்படும். இரண்டையும் நீங்களே கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது சுவரில். அது 225தான் என்பதால் அங்கே மரங்களின் ஆவி போன்ற ஒரு தடம் நிற்கும். திரையை நேராகப் பார்த்தால் கண்ணுக்குப் படாமலும் போகலாம், அச்சிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். லெவல்ஸில் வெள்ளை முனையை 225க்கு இழுத்தால் சுவர் முழு வெள்ளையாகிவிடும். ஆனால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் உள்ள ஒளிப்புள்ளிகளும் கூடவே எரிந்துபோகும். ஆகவே லெவல்ஸைத் தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயராக வைத்து, அதன் மாஸ்க்கில் தலையையும் தோளையும் கறுப்பாக்கிவிடுங்கள். மாற்றம் சுவரோடு நிற்கும். முடியோரத்தில் பறக்கும் இழைகளுக்கு நடுவே தெரியும் சுவரை மாஸ்க்கால் வெட்டப் போகாதீர்கள், முடி கத்தரித்த அட்டைபோல் ஆகிவிடும். அங்கே டாட்ஜ் கருவியை ஹைலைட்ஸ் என்று வைத்து, பத்து சதவீத வலிமையில், முகப்படத்தின் ஒரு பிரதியின் மேல் தடவுங்கள். வெளிறிய சுவர் வெளுக்கும், கருத்த இழை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது கோளாறு பெரியது. நான் பார்த்த மாணவர் படங்களில் பலவும் விழுந்த குழி இது. உச்சந்தலையில் காட்டின் வானம் வந்து விழுகிறது. முடி 25, வானம் 240. கணக்குப் போட்டால் 241 வருகிறது, பின்னணியோ 255. அதாவது உச்சந்தலை பின்னணியில் கரைந்துவிட்டது, நெற்றிக்கு மேலே தலையே இல்லாத ஓர் உருவம் மிஞ்சுகிறது. பலர் இதைக் கண்டு பதறி, தலையைச் சுற்றி ஒரு கோடு வரைகிறார்கள் அல்லது நிழல் சேர்க்கிறார்கள், செயற்கை அங்கேயே தெரிந்துவிடும். உண்மையில் திருத்த வேண்டியது காட்டை. காட்டு லேயரோடு மட்டும் இணைத்த ஒரு கர்வ்ஸில், வளைவின் மேல் முனையைக் கீழே இறக்கி வானத்தை 170க்குக் கொண்டுவாருங்கள். இப்போது உச்சந்தலை 178 ஆகிறது. வெள்ளைப் பின்னணிக்கு எதிரே தலையின் வளைவு மென்மையாக, ஆனால் ஐயமில்லாமல் நிற்கிறது. மரத்துக்கும் வானத்துக்கும் இடையிலான வித்தியாசம் முடியில் 128 ஆகவும், கன்னத்தில் 53 ஆகவும் குறையும். முகத்தை விழுங்காமல் காடு தெரிய இந்த அளவு போதும். அதிகப் பளிச்சென்ற நிலக்காட்சிதான் நல்ல நிலக்காட்சி என்று நினைத்திருந்தீர்கள் அல்லவா? இந்த வேலையில் அது உதவாது.

இத்தனைக்கும் பிறகுதான் மாஸ்க். காட்டு லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் சேர்த்தால் எதுவும் மாறாது, வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். ஓரம் முழுக்க மென்மையான பிரஷ், கறுப்பு நிறம், ஃப்ளோ பத்து சதவீதம். கண்ணில் தொடங்குங்கள். இமைக்கோடும் கருவிழியும் இருட்டாக இருப்பதால் அங்கே வானம் வந்து நிறைந்து பார்வையே அழிந்திருக்கும். நாலைந்து தடவலில் கண் மெல்லத் திரும்பி வரும். அடுத்து நாசித் துவாரம், உதடுகள் சேரும் கோடு. அவ்வளவு போதும், கன்னம் முழுவதையும் துடைத்துவிட ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மறைப்பு எங்கே முடிய வேண்டும் என்பதை முகத்தின் எல்லைக்கோட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் படத்தில் தாடை நிழல் கழுத்தில் இறங்கும் இடத்தில் ஒரு பைன் வரிசை ஓடுகிறது. மாற்றம் அந்த வரிசையோடு நடந்தால், முகம் எங்கே முடிந்தது, காடு எங்கே தொடங்கியது என்று பார்ப்பவர் தேடுவார். தவறினால் வெள்ளை நிறத்தை எடுத்து அதே இடத்தில் தடவுங்கள், போன மரம் திரும்பி வரும். அழிப்பானுக்கும் மாஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு தடவலில்தான் இருக்கிறது.

சரிபார்க்க, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் முதலில் தலையின் வடிவமும் கண்ணும் தெரிய வேண்டும், அதற்கடுத்து காடு. முதலில் காடு தெரிந்தால் கர்வ்ஸுக்குத் திரும்புங்கள், மாஸ்க்கைத் தொடாதீர்கள். நிறம் கடைசியில் வரட்டும். அதுவரை மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கான்ட்ராஸ்ட் தவறாக இருக்கும்போது நிறம் அதை மூடி மறைத்து உங்களை ஏமாற்றும்.

உங்கள் அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, இது ஒரு திறமையா என்று நீங்கள் கேட்டிருந்தது நியாயமானது, இந்தக் கலவையை ஒரே தட்டில் செய்துதரும் செயலிகளும் இருக்கின்றன. அப்படி வந்த படத்தில் உச்சந்தலை கரைந்திருந்தால் எங்கே கை வைப்பது என்று செயலியில் தட்டியவருக்குத் தெரியாது. உங்கள் மகளுக்கு அது தெரிகிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். படத்தைத் திறந்து, "காட்டை எடுத்துவிட்டு ஒரு கடற்கரையை வை" என்று சொல்லிப் பாருங்கள். மாஸ்க்குகளும் கர்வ்ஸும் தனித்தனி லேயர்களாக ஒழுங்காக இருந்தால் அரை மணி நேரத்துக்குள் ஒரு நல்ல வரைவு வந்துவிடும். அவள் மறுபடியும் இரவெல்லாம் விழித்தால், கோப்பு சரியாகக் கட்டப்படவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு படத்தை மட்டும் நம்பி யாரும் இடம் கொடுத்துவிட மாட்டார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கையால் வரைந்தவையும் எழுத்து வடிவமைப்பும் கூட இருக்க வேண்டும்.

மீண்டும் உங்களுக்கு. நேர்காணலுக்குப் போகும்போது முடித்த படத்தின் அச்சுப் பிரதி, லேயர்கள் கலைக்கப்படாத மூலக்கோப்பு, இரண்டு அசல் படங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். லேயர்களுக்கு 'பின்னணி வெளுப்பு', 'வானம் இறக்கம்', 'கண்' என்று பெயர் வையுங்கள். காட்டுப் படம் நீங்கள் எடுத்ததில்லை என்றால் யாருடையது, எந்த அனுமதியில் பயன்படுத்தினீர்கள் என்று அச்சின் பின்புறம் எழுதுங்கள். முகம் உங்கள் தோழியுடையது என்றீர்கள், அவரிடம் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். புதிய கோப்பை அடுத்த வாரம் அனுப்பினால், வானம் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.