பழைய செபியா படத்தில் வண்ண முகம் பொருத்துவது: கேள்வி பதில்

கேள்வி: பழைய குரூப் போட்டோ, செபியா. சித்தப்பா முகம் மட்டும் பூஞ்சை பிடிச்சு அழிஞ்சுடுச்சு. அவரோட கலர் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, கலரை எடுத்துட்டு வெச்சேன். ஒட்டவெச்சதுன்னு பார்த்ததும் தெரியுது சார்.

நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்த்தேன். 0 கருப்பு, 255 வெள்ளை என்ற அளவில் பக்கத்தில் நிற்பவரின் நெற்றி 176, தாடைக்குக் கீழே நிழல் 70. நீங்கள் வைத்த முகத்தில் அதே இடங்கள் 222, 48. பழைய பிரிண்ட் வெளிறி, வெளுப்பும் கருப்பும் நடுவை நோக்கி நகர்ந்துவிட்டன. உங்கள் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது.

ஃபோட்டோஷாப்பில் `Curves` எடுத்து இரண்டே புள்ளி வையுங்கள்: 222-ஐ 176-க்கு இறக்குங்கள், 48-ஐ 70-க்கு ஏற்றுங்கள். பலர் வெள்ளைச் சட்டையையும் கருப்புக் கோட்டையும் அளவுகோலாக எடுப்பார்கள். முகத்துக்கு முகம்தான் அளவுகோல். ஒரே வெளிச்சத்தில், பக்கத்திலேயே நிற்கும் முகமாக இருந்தால் நல்லது.

பிறகு கண் இமையைப் பாருங்கள். உங்கள் முகத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு இமை ஒரு கறுப்புக் கோடுதான். முகத்தைச் சரியான அளவுக்குச் சுருக்கிய பிறகு `Gaussian Blur` கொடுத்து அந்தக் கோட்டு நிலைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் ஸ்கேனில் 1.5 பிக்சல் போதுமானதாக இருந்தது.

கேள்வி: இவ்வளவு எதுக்கு? `Desaturate` பண்ணி, மொத்தப் படத்துக்கும் மேல ஒரு செபியா போட்டா முடிஞ்சது. நான் அப்படித்தான் செய்றேன்.

செபியாவை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகப் போடுவது சரி. முகத்துக்கு மட்டும் தனியாகச் சாயம் ஏற்றினால் பழுப்பு ஒருநாளும் ஒத்துவராது. `Desaturate`தான் உதட்டைக் கெடுக்கிறது.

ஒரு தோல் நிறம் எடுத்துக்கொள்வோம்: சிவப்பு 205, பச்சை 150, நீலம் 125. உதடு 190, 95, 95. `Desaturate` செய்தால் தோல் 165, உதடு 142; உதடு தோலோடு கரைந்துபோகும். `Channel Mixer`-இல் `Monochrome` டிக் செய்து சிவப்பு 10, பச்சை 60, நீலம் 30 வைத்தால் தோல் 148, உதடு 104. பழைய தகடுகள், ஃபிலிம்கள் பலவும் சிவப்பைச் சரியாக உணராதவை, அதனால்தான் அந்தக் காலத்து உதடுகள் அவ்வளவு கருமையாக இருக்கின்றன. உங்கள் படத்தில் அப்படி இல்லையென்றால் சிவப்பைக் கூட்டிக்கொள்ளலாம். நீலத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், மொபைல் படங்களில் அழுக்கெல்லாம் அங்கேதான் தேங்கியிருக்கும்.

சாயத்துக்கு நான் ரெடிமேட் செபியாவைத் தொடுவதில்லை. அசல் ஸ்கேனை நகலெடுத்து, 40 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே `Color` மோடில் வைப்பேன். ஓரத்தில் அதிகம், நடுவில் குறைவு என்று அசல் எப்படிப் பழுத்திருக்கிறதோ அப்படியே முகத்திலும் படியும். அழிந்த இடத்தில் பூஞ்சைக் கறை இருந்தால் அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறையும் கூடவே வரும்.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சினைதான். கறுப்பு வெள்ளைப் படத்துல முகத்துக்கு மட்டும் கலர் ஏத்தணும், எப்படி?

அது வேறு வேலை அம்மா, இதற்கு நேர் எதிர். தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

கேள்வி: பழைய படத்தோட கிரெய்ன் முகத்துலயும் வரணும்னு `Add Noise` போட்டேன். முகத்துல மட்டும் மணல் தூவின மாதிரி இருக்கு.

அது ஒவ்வொரு பிக்சலிலும் தனிப் புள்ளி வைக்கும். ஃபிலிம் கிரெய்ன் பல பிக்சல்களுக்குப் பரவிய திட்டு. செயற்கையாகச் செய்வதைவிட அசலிலிருந்தே எடுப்பது மேல்.

பின்னணியில் விவரம் எதுவும் இல்லாத திரைப் பகுதி இருக்கும், அதில் முகம் அளவுக்கு ஒரு துண்டு எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்கி, `High Pass` 6 பிக்சல் கொடுத்தால் சாம்பல் மேல் கிரெய்ன் மட்டும் மிஞ்சும். முகத்தின் மேல் வைத்து `Overlay` ஆக்குங்கள். நடுத்தர நிறங்களில் முழுசாகவும், கண்மணிக் கருப்பில் மெதுவாகவும் விழும். துண்டு சின்னது என்று பெரிதாக்கினால் புள்ளியும் பெரிதாகிவிடும். அதற்குப் பதில் இரண்டு துண்டாக ஒட்டுங்கள். ஒரே புள்ளிக்கூட்டம் திரும்ப வருகிறதா என்று 100% அளவில் பாருங்கள்.

கேள்வி: டோன், கிரெய்ன் எல்லாம் சரி. ஆனாலும் ஏதோ உறுத்துது.

மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? மற்றவர்களுக்கு இடப்பக்கம், இவருக்கு மட்டும் வலப்பக்கம் என்றால் எந்த ஸ்லைடரும் உதவாது. முகத்தை இடவலமாகத் திருப்பலாம், ஆனால் வகிடும் மச்சமும் சேர்ந்து இடம் மாறும். நான் ஒருமுறை அப்படிக் கொடுத்து, வீட்டுப் பெரியவர் பார்த்த மாத்திரத்தில் "இது அவன் இல்லை" என்றார். வேறு படம் தேடுங்கள்.

கேள்வி: என் பிரிண்ட் சொரசொரப்பான பேப்பர். ஸ்கேன்ல தேன்கூடு மாதிரி புடைப்பு தெரியுது.

ஒருமுறை நேராகவும், பிரிண்டை 180 டிகிரி திருப்பி இன்னொருமுறையும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, மேலே உள்ளதை 50% ஆக்கினால் புடைப்பின் நிழல் பெருமளவு அடங்கும். மிச்சம் இருப்பது ஒரு ஒழுங்கான வரிசை. நான் ஒட்டும் கிரெய்ன் துண்டு அந்த வரிசையோடு இன்னும் சரியாகச் சேர்ந்ததில்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.