போட்டோவில் வரும் பேக்கிங் லிஸ்ட்டிலிருந்து கார்ட்டன் விவரம் எடுப்பது

போனில் எடுத்த பேக்கிங் லிஸ்ட் போட்டோவிலிருந்து கார்ட்டன் எண்ணிக்கை, கிராஸ் வெயிட், பெட்டி அளவு மூன்றையும் தப்பில்லாமல் எடுப்பது எப்படி?

படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் எழுத்துகளை எடுத்துத் தரும், அவ்வளவுதான். அது சரியா என்பதை லிஸ்ட்டில் இருக்கும் கணக்கே சொல்லிவிடும், அதனால் மொத்தத்தை மட்டும் எடுக்காமல் ஒவ்வொரு வரியையும் எடுங்கள்.

திருப்பூர் பனியன் சரக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கார்ட்டன் நம்பர் 1-24, பெட்டிக்கு 14.5 கிலோ, 25-40, பெட்டிக்கு 12 கிலோ, கடைசியாக 41, மீதித் துணி போட்ட சின்னப் பெட்டி, 7 கிலோ. போட்டோ மங்கலாக இருந்தால் நடுக்கோடு காணாமல் போய் 1-24 என்பது 124 ஆகிவிடும், புள்ளி போய் 14.5 என்பது 145 ஆகிவிடும். எண்ணிக்கைக்கு கடைசி நம்பரிலிருந்து முதல் நம்பரைக் கழித்து ஒன்று கூட்டுங்கள்: 24, 16, 1, ஆக 41. எடை 348, 192, 7, ஆக 547 கிலோ. அடியில் அச்சான மொத்தமும் இதுவே என்றால் சரி, இல்லையென்றால் எடுத்த எடை ஒரு பெட்டியுடையதா வரி மொத்தமா, நெட் வெயிட் பத்தியிலிருந்து எடுத்துவிட்டோமா என்று பாருங்கள்.

அளவுக்கு சிபிஎம், அதாவது கன மீட்டரில் வரும் கொள்ளளவுதான் சாட்சி. 60×40×35 செ.மீ. பெட்டி 0.084, நாற்பதுக்கு 3.36, சின்னப் பெட்டி 60×40×20, அதாவது 0.048, மொத்தம் 3.408. இந்த 35-ஐ 85 என்று படித்திருந்தால் மொத்தம் எட்டைத் தாண்டியிருக்கும், உடனே தெரிந்துவிடும். ஆனால் நீளமும் அகலமும் இடம் மாறியிருந்தால் சிபிஎம் காட்டிக்கொடுக்காது, அதைப் படத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.