அஞ்சலக ஆர்.டி.யில் தவணை விட்டுப்போச்சா? கேள்வி பதில்

மாசம் 1000 ரூபாய் கட்டுறேன் அண்ணா. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் விட்டுப்போச்சு. வட்டி போயிடுமா?

போகாது. ஆனால் செப்டம்பரில் வெறும் 1000 ரூபாயோடு போய் நின்றால் வாங்க மாட்டார்கள், பழைய மூன்றும் அபராதத்தோடு தீர்ந்த பிறகுதான் இந்த மாதத்தது ஏறும். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதுவும் ஒவ்வொரு தவணைக்கும் தனியாக. ஜூன் தவணைக்கு மூன்று மாதத் தாமதம் என்பதால் 30, ஜூலைக்கு 20, ஆகஸ்டுக்கு 10, ஆக 60 ரூபாய். மொத்தம் 4,060 கட்டிவிட்டால் அப்புறம் தவறாமல் கட்டியவர் கணக்குக்கும் உங்களுடையதுக்கும் வித்தியாசமில்லை. 6.7 சதவீதத்தில் தொடங்கியது என்றால் 60 மாதம் முடிந்ததும் அதே 71,366 ரூபாய் கிடைக்கும். அந்த 60 மட்டும் போனது போனதுதான்.

ஏஜென்ட் மூலம் கட்டுகிறவர்கள் பாஸ்புக்கில் பதிவு விழுந்ததா என்று பாருங்கள்.

அபராதமே தேவையில்லையே சார், மூணு மாசம் தள்ளிப்போட்டுக்கலாமே?

பாதி சரி. தவறியது நான்கு தவணைக்குள் இருந்தால், முதிர்வை அத்தனை மாதம் நீட்டி விட்டதைக் கடைசியில் கட்டலாம். ஆனால் 71,366 ரூபாய் மூன்று மாதம் தாமதமாகக் கைக்கு வரும். சேமிப்புக் கணக்கின் 4 சதவீதத்தில் போட்டாலே அதற்கு 700 ரூபாய்க்கு மேல் வட்டி. 60 ரூபாயை மிச்சம் பிடிக்க இதை விடுவதா?

விட்ட 3000 அதுவரை என் கையில்தானே சார் இருக்கு? அதை வேற எங்கயாவது போட்டா?

போட்டால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, முதல் வருடத்திலேயே தவறியவருக்குக் கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரியாகக்கூட வரலாம். 50ஆவது மாதத்தில் தவறியவருக்கு வராது. நான் கவுண்டரில் பார்த்தவரை, தவணை தவறியவர் கையில் அந்த 3000 இருந்ததே இல்லை.

இருந்தது சார், எனக்கு இருந்தது.

சரி, உங்களுக்கு இருந்தது.

ஆறு மாசம் கட்டல. இப்ப போனா கணக்கு நின்னுபோச்சுங்கறாங்க.

நான்கு தவணை தவறினால் நின்றுவிடும். அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். உங்களுக்கு அந்தக் கெடு இன்னும் ஓடுகிறதா என்று இன்றைக்கே போய்க் கேளுங்கள், தாண்டிவிட்டால் மேற்கொண்டு கட்டவே முடியாது.

என் பேங்க் ஆர்.டி.க்கும் இதேதானா?

இல்லை. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு விதி, உங்கள் கிளையில் கேளுங்கள்.

நான் 18ஆம் தேதி கட்டினேன், எதுக்கு 10 ரூபாய் பிடிச்சாங்க?

மாதத்தின் முதல் 15 நாளில் தொடங்கிய கணக்கா? அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும்.

ஒரு மாசம் கட்டலைன்னா வட்டி போயிடுமா சார்?

முதல் பதிலைப் படியுங்கள் அம்மா.

ஏஜென்ட் அக்காகிட்ட மாசாமாசம் கொடுத்தேன், ஆனா ரெண்டு மாசம் ஏறவே இல்லை.

இதைத்தான் மேலே சொன்னேன். அஞ்சலகத்துக்கு நீங்கள் கட்டாதவர்தான், அபராதம் உங்கள் தலையில். பாஸ்புக்கை அவரிடமே விட்டு வைத்திருக்கிறீர்களா? முதலில் அதை வாங்குங்கள்.