தலைப்பில் உள்ள சொல் வீடியோவில் பேசப்படவில்லையா?

"தலைப்பு 'பேட்டரி மாற்றம்'. எழுத்துப்படியில் தேடினால் 'மாற்றம்' ஒரு இடத்தில்கூட இல்லை. தலைப்பு தப்பா?"

தலைப்பை இப்போதே மாற்றாதீங்க. பேசும்போது பெரும்பாலும் 'மாற்றம்' என்று சொல்வதில்லை. 'மாத்தணும்', 'மாத்திட்டு' என்றுதான் அதிகம் வரும். முழுச்சொல்லை விட்டு, எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு இரண்டின் வேரையும் எழுத்துப்படிக் கோப்பில் தேடுங்க:

```
grep -nE -B2 'மாற்|மாத்' video.srt
```

`-B2` போட்டால் வரிக்கு மேலே இருக்கும் நேரமும் தெரியும். 'மாத்திரை' போன்ற சொற்களும் சிக்கும், அவற்றைக் கண்ணால் பார்த்துத் தள்ளிடுங்க.

எண்ணிக்கையைவிட நேரம்தான் முக்கியம். 12 நிமிட வீடியோவில் எல்லாமே முதல் 40 விநாடிக்குள் வந்தால், அது அறிமுகப் பேச்சு மட்டும். மீதியில் 'சார்ஜ்', 'சூடு' என்றே ஓடினால் தலைப்பு உண்மையிலேயே பொருந்தவில்லை. வீடியோவுக்குக் கீழே எழுதும் விளக்கத்தின் முதல் இரண்டு வரியையும் இதே மாதிரி சோதிங்க.